ஒரு சான்றுச்சீட்டு தணிக்கை அறிக்கையை எப்படி மாற்றுகிறது?

தணிக்கைப் பாடநூலில் தணிக்கையின் வகைகள் ஓர் அத்தியாயத்திலும், வவுச்சிங் எனப்படும் சான்றாய்வு இன்னோர் அத்தியாயத்திலும், தணிக்கையாளர் அறிக்கை கடைசி அத்தியாயம் ஒன்றிலும் வருவதால், மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தலைப்புகள் என்ற எண்ணம் மாணவர்களுக்கு எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. நடைமுறையில் அவை ஒரே வேலையின் மூன்று நிலைகள். தணிக்கை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே எந்தச் சான்றுச்சீட்டுகளை, எப்போது, எவ்வளவு ஆழமாகப் பார்ப்பது என்பது முடிவாகிறது. அந்தச் சீட்டுகளில் கண்டது எதுவோ, அதுவே அறிக்கையின் வாசகத்தைத் தீர்மானிக்கிறது. இதை ஒரே ஒரு கணக்குப் பதிவை எடுத்துக்கொண்டு இறுதிவரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

டிசம்பர் 31 அன்று நிதியாண்டு முடியும் ஓர் உற்பத்தி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கணக்குகள் வரிக்கு முந்தைய இலாபம் 40,00,000 என்று காட்டுகின்றன. பேரேட்டில் இயந்திரக் கணக்கைத் திறந்தால், டிசம்பர் 18 தேதியிட்டு 6,00,000 பற்று வைக்கப்பட்டிருக்கிறது. விவரப் பகுதியில் "பொதியிடும் இயந்திரம் வாங்கியது" என்று எழுதப்பட்டுள்ளது. வங்கிக் கணக்கில் அதே தொகை வரவு வைக்கப்பட்டுள்ளது. இரட்டைப் பதிவு முறைப்படி இதில் எந்தப் பிழையும் இல்லை. இருப்பாய்வும் ஒத்துப்போகிறது. ஆனால் அந்தத் தொகை உண்மையிலேயே ஓர் இயந்திரத்துக்காகத்தான் செலவானதா என்பதற்கு ஏட்டுக்குள்ளேயே விடை கிடையாது. விடை ஏட்டுக்கு வெளியே, பதிவுக்கு அடிப்படையாக அமைந்த ஆவணங்களில் இருக்கிறது. அவற்றை எடுத்துப் பதிவோடு ஒப்பிட்டு, நடவடிக்கை நிகழ்ந்ததா, இந்த நிறுவனத்துக்கு உரியதா, சரியான தொகையில், சரியான கணக்கில், சரியான ஆண்டில் எழுதப்பட்டுள்ளதா என்று உறுதிசெய்வதே சான்றாய்வு.

சீட்டை எப்படிப் படிப்பது

மேற்படி பதிவுக்கான கோப்பில் வழங்குநர் அனுப்பிய விலைப்பட்டியல், கொள்முதல் ஆணை, கிடங்கில் எழுதப்பட்ட சரக்குப் பெறுகைக் குறிப்பு, மேலாளரின் ஒப்புதல் கையொப்பம் கொண்ட செலுத்துச்சீட்டு, வங்கியின் பணமாற்ற ஆவணம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. முதன்முறையாகச் சான்றாய்வு செய்பவர் பொதுவாகச் செய்வது, விலைப்பட்டியலின் மொத்தத் தொகையைப் பேரேட்டுத் தொகையோடு பொருத்திப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு சரிக்குறி இட்டு நகர்ந்துவிடுவதுதான். இரண்டும் 6,00,000 என்று இருப்பதால் அவருக்குத் தவறு எதுவும் தெரியாது. சீட்டை முழுதாகப் படிப்பவருக்கே அது பேசும்.

விலைப்பட்டியல் நிறுவனத்தின் பெயருக்கு எழுதப்பட்டுள்ளதா என்பது முதல் கேள்வி. இயக்குநர் ஒருவரின் சொந்தப் பெயருக்கு வந்த பட்டியலை நிறுவனப் பணத்தில் தீர்த்திருந்தால், தொகை எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் அது நிறுவனத்தின் செலவு ஆகாது. நம் கோப்பில் பெயர் சரியாகவே இருக்கிறது. தேதியும் அந்த ஆண்டுக்குள் வருகிறது. அடுத்தது ஒப்புதல். இந்த நிறுவனத்தின் விதிப்படி மேலாளர் 5,00,000 வரையில்தான் செலவை அனுமதிக்கலாம். அதற்கு மேற்பட்டால் இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். ஆனால் 6,00,000க்கான இந்தச் சீட்டில் மேலாளரின் கையொப்பம் மட்டுமே உள்ளது. குழுவின் கூட்டக் குறிப்பேட்டிலும் இதுபற்றிய தீர்மானம் எதுவும் இல்லை. இது உள் கட்டுப்பாட்டின் மீறல். இதனால் இலாபம் ஒரு காசுகூட மாறாது என்றாலும், இதே மேலாளர் ஒப்புதல் அளித்த மற்றச் சீட்டுகளையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று தணிக்கையாளருக்கு இது எச்சரிக்கிறது.

பிறகு, பட்டியலின் உள்விவரம். மொத்தத் தொகைக்கு மேலே இரண்டு வரிகள் உள்ளன. புதிய பொதியிடும் அலகு ஒன்று, 2,40,000. பழைய இயந்திரங்களின் ஆண்டுப் பராமரிப்பும் தேய்ந்த சிறு பாகங்களை மாற்றியதும், 3,60,000. சரக்குப் பெறுகைக் குறிப்பிலும் ஒரேயொரு அலகு வந்திறங்கியதாகத்தான் எழுதப்பட்டுள்ளது. ஆக, வாங்கப்பட்ட சொத்து 2,40,000 மட்டுமே. மீதி 3,60,000 வழக்கமான பராமரிப்புச் செலவு. அது அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் வந்திருக்க வேண்டிய வருவாயினச் செலவு. அதை மூலதனச் செலவாக இயந்திரக் கணக்கில் ஏற்றியதால் இலாபமும் சொத்தும் தலா 3,60,000 கூடுதலாகக் காட்டப்பட்டுள்ளன. பயன்பாட்டுக்கு வந்த மாதத்திற்கு அடுத்த மாதத்திலிருந்தே தேய்மானம் கணக்கிடுவது இந்த நிறுவனத்தின் கொள்கை என்பதால், இந்த ஆண்டில் அதற்கான தேய்மானச் சரிக்கட்டல் தேவையில்லை. வரி விளைவையும் எளிமைக்காக விட்டுவிடுவோம். திருத்தினால் இலாபம் 36,40,000 ஆகும்.

இத்தகைய தவறு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே யோசிப்பது நல்ல தணிக்கையாளரின் பழக்கம். இலாபத்தைக் கூட்டிக் காட்ட விரும்பும் நிர்வாகம் செலவுகளைச் சொத்துக் கணக்கில் தள்ளும். ஆகவே அங்கே சொத்துக் கணக்கின் புதிய சேர்க்கைகளைச் சான்றாய்வு செய்ய வேண்டும். வரிக்காக இலாபத்தைக் குறைத்துக் காட்ட விரும்பும் நிர்வாகம் சொத்துகளையே செலவாக எழுதிவிடும். அங்கே பழுதுபார்ப்புக் கணக்கின் பெரிய தொகைகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் பார்ப்பது பெரிய நிறுவனங்களில் இயலாத காரியம் என்பதால், பெருந்தொகைப் பதிவுகள் அனைத்தையும், மற்றவற்றில் மாதிரிகளாகத் தேர்ந்தெடுத்த சிலவற்றையும் பார்ப்பதே வழக்கம். எங்கே தேடுவது என்ற இந்தத் தீர்மானத்தில்தான் சான்றாய்வின் தரம் இருக்கிறது.

ஏட்டில் இல்லாததை ஏட்டிலிருந்து காண முடியாது

மேலே செய்த வேலை ஏட்டிலிருந்து ஆவணத்தை நோக்கிச் சென்றது. இந்தத் திசையில் செல்லும்போது, ஏட்டில் எழுதப்பட்டது உண்மையா என்பதை மட்டுமே சோதிக்க முடியும். எழுதாமல் விடப்பட்ட ஒன்று நம் கண்ணில் படவே படாது, ஏனென்றால் தொடங்குவதற்கு அங்கே பதிவு ஒன்றே இல்லை. தேர்வுகளில் மிக அதிகமாகக் குழப்பப்படும் இடம் இது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

விடுபட்டதைக் கண்டுபிடிக்க எதிர்த் திசையில், ஆவணத்திலிருந்து ஏட்டை நோக்கிச் செல்ல வேண்டும். நம் நிறுவனத்தில் தணிக்கையாளர் ஆண்டு முடிந்த பிறகான ஜனவரி மாத வங்கிச் செலுத்தல்களை எடுத்துப் பார்க்கிறார். ஜனவரி 9 அன்று மூலப்பொருள் வழங்குநர் ஒருவருக்கு 1,50,000 செலுத்தப்பட்டுள்ளது. அதன் விலைப்பட்டியல் டிசம்பர் 28 தேதியிட்டது. சரக்குப் பெறுகைக் குறிப்போ டிசம்பர் 27. அதாவது சரக்கு பழைய ஆண்டிலேயே வந்துவிட்டது, கொள்முதலும் கடனும் பழைய ஆண்டில் பதிவாகியிருக்க வேண்டும், ஆனால் பதிவாகவில்லை.

இதனால் இலாபம் பாதிக்கப்படுமா என்பதற்கு உடனே ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சரக்கு டிசம்பர் 31 அன்று எடுத்த சரக்கிருப்புக் கணக்கெடுப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுதிச் சரக்கிருப்பிலும் சேராமல், கொள்முதலிலும் சேராமல் இருந்தால் இலாபம் மாறாது. சொத்தும் பொறுப்பும் தலா 1,50,000 குறைவாகக் காட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். சரக்கு எண்ணப்பட்டு இருப்பில் சேர்ந்துவிட்டு, கொள்முதல் மட்டும் விடுபட்டிருந்தால், இலாபம் முழுமையாக 1,50,000 கூடிவிடும். இங்கே கணக்கெடுப்புத் தாளில் அந்தச் சரக்கு இருக்கிறது. எனவே இரண்டு தவறுகளும் சேர்ந்து இலாபத்தை 5,10,000 உயர்த்தியுள்ளன. உண்மையான இலாபம் 34,90,000.

திசை சரியாக இருந்தாலும் காகிதத்தை மட்டும் நம்பும் சான்றாய்வுக்கு இன்னொரு எல்லை உண்டு. 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிப்பட்ட மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் மருந்து நிறுவன மோசடி அதைத் தெளிவாகக் காட்டியது. எஃப். டொனால்ட் கோஸ்டர் என்ற பெயரில் அதன் தலைவராக இருந்தவர் உண்மையில் பிலிப் மியூசிகா என்ற பழைய குற்றவாளி. அவரும் அவருடைய சகோதரர்களும் இல்லாத சரக்குக்கு விலைப்பட்டியல்களும் அனுப்புகை ஆவணங்களும் தயாரித்து, கனடாவில் உள்ளதாகச் சொல்லப்பட்ட கிடங்குகளில் சரக்கு இருப்பதாக ஏட்டில் காட்டிவந்தார்கள். சுமார் 8.7 கோடி டாலர் மொத்தச் சொத்தில் சுமார் 1.9 கோடி டாலர் சரக்கிருப்பும் கடனாளிகளும் வெறும் கற்பனை. தணிக்கையாளர்கள் ஆவணங்களைப் பார்த்தார்கள்; ஆவணங்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் கிடங்குக்குச் சென்று சரக்கை நேரில் பார்ப்பதும், கடனாளிகளுக்கு நேரடியாக எழுதி உறுதி கேட்பதும் அன்று கட்டாய நடைமுறையாக இருக்கவில்லை. மறுஆண்டே, 1939இல், அமெரிக்கத் தணிக்கைத் தொழில் இவ்விரண்டையும் வழக்கமான நடைமுறைகளாக ஏற்றது. சான்றாய்வோடு நிற்காமல், சொத்து நேரில் இருக்கிறதா, நிறுவனத்துக்கு உரிமையானதா, சரியாக மதிப்பிடப்பட்டதா என்று சரிபார்க்கும் வேலை தனியாக வைக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். நம் எடுத்துக்காட்டில், 2,40,000 மதிப்புள்ள அந்தப் புதிய அலகைத் தொழிற்கூடத்தில் நேரில் பார்த்து, அதன் வரிசை எண்ணை விலைப்பட்டியலோடு ஒப்பிடுவது சரிபார்த்தலைச் சேர்ந்தது.

எந்தத் தணிக்கையில் இது கண்ணில் படும்

இப்போது இதே இரண்டு தவறுகளையும் வெவ்வேறு வகைத் தணிக்கைகளின் முன் வைத்துப் பார்த்தால், வகைப்பாட்டின் பொருள் தானாகவே விளங்கும்.

உள் தணிக்கையாளர் நிர்வாகத்தால் நியமிக்கப்பட்டவர். நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதே அவருடைய முதன்மைக் கவலை. அவருக்கு 3,60,000 தவறான கணக்கில் எழுதப்பட்டதைப் போலவே, இயக்குநர் குழுவின் தீர்மானம் இல்லாமல் 6,00,000 வெளியே போனதும் பெரிய கண்டுபிடிப்பு. அவருடைய அறிக்கை நிர்வாகத்திடமோ தணிக்கைக் குழுவிடமோ செல்லும். பங்குதாரர்களின் கைக்குச் செல்லாது. சட்டமுறைத் தணிக்கையாளர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து, சட்டத்தின் கட்டாயத்தால் நியமிக்கப்படுகிறவர். அவர் நிதிநிலை அறிக்கைகள் முழுமையாகப் பார்க்கும்போது உண்மையும் நேர்மையுமான தோற்றத்தைத் தருகின்றனவா என்று பங்குதாரர்களுக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். ஒப்புதல் விதிமீறல் அவருடைய அறிக்கையில் இடம்பெறுவது அபூர்வம். கட்டுப்பாட்டுக் குறைபாடாக நிர்வாகத்துக்கும் ஆளுகைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் தனிக் கடிதத்தில் எழுதிவிடுவார். இலாபத்தைப் பாதிக்கும் தவறுதான் அவருடைய கருத்துக்குள் நுழையும்.

காலத்தை வைத்துப் பிரித்தால் வேறொரு வேறுபாடு தெரிகிறது. அக்டோபரில் நடந்த இடைக்காலத் தணிக்கை, டிசம்பர் 18 தேதியிட்ட பதிவைப் பார்த்திருக்கவே முடியாது. ஆண்டு முடிந்து நடக்கும் இறுதித் தணிக்கைக்கே ஜனவரி 9 அன்று நடந்த செலுத்தலைக் காணும் வாய்ப்பு இருக்கிறது. ஆண்டு முழுவதும் நடக்கும் தொடர் தணிக்கையில் டிசம்பர் பதிவு அந்த மாதமே சிக்கும், திருத்தவும் நேரம் இருக்கும். அதன் பெரும் பயன் இதுவே. ஆனால் தொடர் தணிக்கைக்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. தணிக்கையாளர் பார்த்து முடித்து, குறியிட்டுச் சென்ற பக்கங்களில் பின்னர் எண்களை மாற்றிவிட முடியும். அதனால்தான் ஒவ்வொரு வருகையின் முடிவிலும் முக்கியக் கணக்குகளின் மொத்தங்களைத் தம் பணித்தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த வருகையில் முதல் வேலையாக அவற்றை ஏட்டோடு ஒப்பிடுவார்கள். கணினிக் கணக்கில் இந்தத் தேவை மறைந்துவிடவில்லை. மாற்றங்களின் தடப்பதிவு இயங்குகிறதா, அதை யாரேனும் அணைத்து வைத்தார்களா என்று பார்ப்பது அதே வேலைதான்.

ரொக்கம் மட்டும், கொள்முதல் மட்டும் என்று ஒரு பகுதியை எடுத்துச் செய்யும் பகுதித் தணிக்கையும், உற்பத்திச் செலவை ஆராயும் அடக்கவிலைத் தணிக்கையும் இந்த வரிசையில் உண்டு. அவற்றில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: ஒப்புக்கொண்ட வேலையின் எல்லை அறிக்கையில் தெளிவாக எழுதப்பட வேண்டும். ரொக்க ஏட்டை மட்டும் பார்த்தவரின் கையொப்பத்தை வாசகர் முழுக் கணக்குக்குமான உறுதியாக எடுத்துக்கொள்ள இடம் தரக்கூடாது.

சீட்டிலிருந்து அறிக்கைக்கு

சட்டமுறைத் தணிக்கையாளர் தொடக்கத்திலேயே ஒரு முக்கியத்துவ வரம்பை நிர்ணயித்திருப்பார். வாசகரின் பொருளாதார முடிவை மாற்றக்கூடிய அளவுக்குத் தவறு பெரிதா என்பதற்கான அளவுகோல் அது. வரிக்கு முந்தைய இலாபத்தில் 5 சதவீதம் என்று கொள்வது பரவலான நடைமுறை. அதுவே சட்டம் அல்ல, தொழில்முறைத் தீர்ப்பு. இங்கே 40,00,000இல் 5 சதவீதம் 2,00,000. பராமரிப்புச் செலவுத் தவறு தனியாகவே அதைத் தாண்டுகிறது. விடுபட்ட கொள்முதல் 1,50,000 தனியாகத் தாண்டவில்லை. ஆனால் தவறுகளைத் தனித்தனியாக மட்டுமல்லாமல் ஒன்றுசேர்த்தும் மதிப்பிட வேண்டும் என்பது விதி. ஆகவே அதையும் ஒதுக்கிவிட முடியாது. தணிக்கையாளர் இரண்டையும் பட்டியலிட்டு, திருத்தும்படி நிர்வாகத்திடம் கேட்கிறார்.

நிர்வாகம் இரண்டையும் திருத்திவிட்டால், அறிக்கை மாற்றமில்லாத கருத்தோடு, அதாவது குறையேதும் சொல்லாத தூய அறிக்கையாக வெளிவரும். திருத்தப்பட்ட தவறைப் பற்றி அறிக்கையில் எதுவும் எழுத வேண்டியதில்லை. இது பல மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அறிக்கை பேசுவது வெளியிடப்படும் நிதிநிலை அறிக்கைகளைப் பற்றி. அதற்கு முன்பிருந்த வரைவைப் பற்றி அன்று.

நிர்வாகம் மறுத்துவிட்டால் கருத்து மாற வேண்டும். சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 705 இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. முதலாவது, தவறு இருப்பது தெரிந்ததா, அல்லது போதிய சான்று கிடைக்காததால் தவறு இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லையா? இரண்டாவது, அதன் பாதிப்பு முக்கியமானது மட்டுமா, அல்லது அறிக்கைகள் முழுவதும் பரவியதா? நம் வழக்கில் தவறு தெரிந்தது, தொகை முக்கியமானது, ஆனால் இயந்திரம், கொள்முதல், கடன்கள், அவற்றின் வழியே இலாபம் என்று சுட்டிக்காட்டக்கூடிய இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே நிபந்தனையுடன் கூடிய கருத்து. அதன் வாசகம் ஏறத்தாழ இப்படி அமையும்:

> எங்கள் கருத்துக்கான அடிப்படையில் விவரிக்கப்பட்டுள்ள விஷயங்களின் விளைவுகள் நீங்கலாக, இந்த நிதிநிலை அறிக்கைகள் டிசம்பர் 31 அன்று நிறுவனத்தின் நிதி நிலையையும் அந்த ஆண்டின் செயல்பாட்டையும் எல்லா முக்கிய அம்சங்களிலும் உண்மையாகவும் நேர்மையாகவும் காட்டுகின்றன.

"நீங்கலாக" என்ற சொல்லோடு விட்டுவிடக் கூடாது. அடுத்து வரும் அடிப்படைப் பத்தியில், 3,60,000 பராமரிப்புச் செலவு இயந்திரமாகக் காட்டப்பட்டது, 1,50,000 கொள்முதல் பதிவாகவில்லை, இவற்றால் இலாபம் 5,10,000 மிகையாக உள்ளது என்று தொகையோடு எழுத வேண்டும். அளவிட முடிந்த விளைவை அளவிட்டுச் சொல்லாத நிபந்தனை, வாசகருக்கு அச்சத்தை மட்டும் தந்துவிட்டுத் தகவலைத் தராமல் போய்விடும்.

சூழ்நிலையைச் சற்று மாற்றுவோம். இதே வகைத் தவறு சொத்துகள், வருவாய், கடன்கள் என்று எங்கும் பரவி, எந்த எண்ணையும் நம்ப முடியாத நிலை என்றால், அறிக்கைகள் உண்மையும் நேர்மையுமான தோற்றத்தைத் தரவில்லை என்று சொல்லும் எதிர்மறைக் கருத்து வரும். அல்லது, 6,00,000க்கான விலைப்பட்டியலே கோப்பில் இல்லை. வழங்குநரிடம் நகல் கேட்டும் கிடைக்கவில்லை. இயந்திரத்தையும் நேரில் காண வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது தணிக்கையாளர் தவறு இருப்பதாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஒரு பதிவோடு சிக்கல் நின்றுவிட்டால், "ஏற்படக்கூடிய விளைவுகள் நீங்கலாக" என்று நிபந்தனையிடுவார். தீ விபத்தில் ஆண்டு முழுவதற்குமான சான்றுச்சீட்டுகள் அழிந்து, மாற்றுச் சான்றுகளும் இல்லாமல் போனால் கருத்து தெரிவிக்க இயலாது என்றே எழுத வேண்டும். இதை எதிர்மறைக் கருத்தோடு ஒன்றாக எண்ணக் கூடாது. எதிர்மறைக் கருத்து போதிய சான்று கையில் இருப்பதால் சொல்லப்படுவது; கருத்து மறுப்பு அந்தச் சான்று இல்லாததால் எழுதப்படுவது.

அறிக்கையில் வரும் வலியுறுத்தல் பத்தியையும் நிபந்தனையோடு குழப்பிக்கொள்வது உண்டு. நிறுவனம் தன் நிதிநிலைக் குறிப்புகளில் சரியாகவே வெளிப்படுத்தியுள்ள ஒரு விஷயம், எடுத்துக்காட்டாக முடிவு தெரியாத ஒரு பெரிய வழக்கு, வாசகரின் கவனத்துக்கு அவசியம் வர வேண்டும் என்றால் தணிக்கையாளர் அதைத் தனிப் பத்தியில் சுட்டுவார். அதனால் கருத்து மாறுவதில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குத் தரநிலை 701 கேட்கும் முக்கியத் தணிக்கை விஷயங்கள் பகுதியும் அப்படியே. திருத்த மறுக்கப்பட்ட 5,10,000 தவறை இந்தப் பத்திகளில் எதிலாவது மென்மையாகக் குறிப்பிட்டுவிட்டுத் தூய கருத்தை வழங்குவது தரநிலைகளுக்கு முரணானது; தவறு இருக்கும் இடத்தில் கருத்தே மாற வேண்டும்.

கருத்துப் பகுதி இப்போது அறிக்கையின் முதலிலேயே வருகிறது; அதன் அடிப்படை, நிர்வாகத்தின் பொறுப்பு, தணிக்கையாளரின் பொறுப்பு ஆகியவை பின்தொடர்கின்றன. கணக்குகளைத் தயாரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்றும், தணிக்கையாளர் தருவது நியாயமான உறுதியே தவிர முழுமையான உறுதி அன்று என்றும் அங்கே எழுதப்படுவது, மாதிரிச் சோதனையின் எல்லையை வாசகருக்குத் தெரிவிக்கத்தான். இறுதியில் கையொப்பமும் தேதியும் இடம்பெறும். கருத்துக்குத் தேவையான சான்றுகள் அனைத்தும் கிடைத்து, நிர்வாகமும் கணக்குகளுக்கு ஒப்புதல் அளித்த நாளுக்கு முந்தைய தேதியை அறிக்கையில் இட முடியாது. அந்தத் தேதி வரையில் நிகழ்ந்து, ஆண்டுக் கணக்கைப் பாதிக்கும் நிகழ்வுகளைத் தேடிப் பார்ப்பதும் தணிக்கையாளரின் கடமையே.